அந்தக் கை யாருடையது?

படைப்புச் சாப்பாடு முடிந்து இலை எடுத்தாகிவிட்டது. காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், நூறு வயதைத் தாண்டிய வீட்டின் வளவு. தூணுக்குத் தூண் சாய்ந்து உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் 14 பேர். மூத்தவனுக்கு 22 வயது, கடைக்குட்டிக்கு 8. சென்னை, கோவை, சிங்கப்பூர் என்று ஆளுக்கொரு ஊரில் வளர்கிறவர்கள். அண்ணன் தம்பி முறைதான் என்றாலும் பாதிப் பேருக்கு மற்றவர் பெயர் அன்று காலையில்தான் தெரிந்தது.

அவர்களுக்கு எதிரே சுவரில் 19 படங்கள், உச்சியில் கயிறு கட்டி, பார்ப்பவர் பக்கமாகச் சற்றுக் குனிந்தாற்போல் மாட்டியிருந்தன. அந்தச் சுவரைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசும் பொறுப்பை அப்பத்தாவிடம் கொடுத்திருந்தார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியை, வயது 76. மகன் வீட்டுப் பேரப்பிள்ளைகளுக்கு அப்பத்தா, மகள் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆயா. கையில் ஒட்டடைக் கம்பை வைத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

எல்லோரும் எதிர்பார்த்தது மேல்வரிசையின் இடக்கோடி. அங்கேதான் எல்லோருக்கும் மூத்தவர் இருக்கிறார். ஆனால் கம்பு நடுவரிசையில் ஒரு படத்தில் போய் நின்றது. கோட்டும் தலைப்பாகையுமாக உட்கார்ந்திருக்கும் ஒருவர்.

“இவுக முகத்தைப் பாக்காதீக. இந்தத் தோள்பட்டையைப் பாருங்க. என்ன தெரியுது?”

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு எட்டு வயதுக்காரி எழுந்து கிட்டே போனாள். “கை. யாரோ கை வச்சிருக்காங்க.”

நான்கு விரல்கள், மணிக்கட்டு வரைக்கும். அதற்கு மேல் சட்டம் வந்துவிடுகிறது. படத்தில் உட்கார்ந்திருப்பவர் ஒருவர்தான், கை அவருடையதல்ல.

“அது யாரு கைன்னு யாராவது சொல்லுங்க பாப்பம்” என்றார் அப்பத்தா. பேச்சு அப்படித்தான் தொடங்கியது.

*

படைப்பு என்பது நகரத்தார் வீடுகளில் முன்னோர்களுக்குச் செய்யும் வழிபாடு. பங்காளிகள் ஒரே வீட்டில் கூடி, மறைந்தவர்களுக்குப் புதுப் புடவையும் வேட்டியும் வைத்துப் படைத்து, ஒன்றாகச் சாப்பிடுவார்கள். யாரை நினைத்துப் படைக்கிறோம் என்பது பெரியவர்களுக்குத் தெரியும். பிள்ளைகளுக்கு அது ஒரு நல்ல சாப்பாடு. இந்தக் குடும்பத்தில் சில ஆண்டுகளாகவே படைப்பன்று யாராவது ஒரு பெரியப்பா சுவரைக் காட்டிப் பேசுவது உண்டு. அந்தப் பேச்சுகள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன என்கிறார்கள் வீட்டார். இவர் தருமவான், இவர் கோயில் கட்டினார், இவர் கடல் கடந்தார், இவர் தரும சிந்தை உள்ளவர். மூன்றாவது படத்துக்குள் பிள்ளைகள் கைப்பேசிக்குத் திரும்பிவிடுவார்கள். குற்றம் பிள்ளைகள் மேல் இல்லை. 19 முகங்களுக்கும் ஒரே குணத்தைச் சொன்னால் ஒரு முகமும் நினைவில் நிற்காது.

அப்பத்தா வேறு வழி எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு படத்திலும் கண்ணுக்குத் தெரிகிற ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்வது, அது எங்கே கொண்டுபோகிறதோ அங்கே மட்டும் போவது. 19 படங்களில் அன்று அவர் பேசியது ஆறைப் பற்றித்தான்.

தோளில் இருந்த கையின் கதை இது. அந்தக் காலத்துச் சுவர்ப் படங்களில் கணிசமானவை அந்த மனிதருக்காகவே எடுத்தவை அல்ல. கூட்டமாக எடுத்த படம் ஒன்று எங்கோ இருக்கும். அவர் காலமான பிறகு, தனிப்படம் இல்லையே என்று வீட்டார் அதை ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோவார்கள். ஸ்டூடியோக்காரர் அந்தப் படத்தையே மறுபடி படம் பிடித்து, வேண்டிய முகத்தை மட்டும் பெரிதாக்கி, ஓரங்களில் தூரிகையால் சாம்பல் நிறம் பூசி மற்றவர்களை மறைத்துவிடுவார். பக்கத்தில் நிற்பவரை அழிக்கலாம். உடம்பின் மேலேயே இருக்கிற கையை அழிப்பது கடினம். அழித்தால் கோட்டு கெட்டுப்போகும். அதனால் கை தங்கிவிட்டது.

“எப்படிக் கண்டுபிடிக்கிறது, இது பெருசு பண்ணின படம்னு?” என்று கேட்டான் சிங்கப்பூர்ப் பேரன்.

முகம் மட்டும் தெளிவாக இருக்கும், காது தொடங்கி மங்கும் என்றார் அப்பத்தா. கண்ணிமையும் மீசையும் பென்சிலால் வரைந்தாற்போல் கூர்மையாக இருக்கும், ஏனென்றால் உண்மையில் அவை வரைந்தவைதான். பின்னணியில் நாற்காலியின் நிழல்கூட விழாது. இந்த அடையாளங்கள் இருந்தால், எங்கோ ஒரு மூலப்படம் இருந்திருக்கிறது, அதில் இன்னும் சிலர் இருந்திருக்கிறார்கள் என்று பொருள்.

கை யாருடையது என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்லவில்லை. அவருக்கும் தெரியாது.

*

அடுத்ததாகப் பெயர்ச் சிக்கலை எடுத்தார். நகரத்தார் வீட்டுச் சுவரை வெளியாள் படிக்க முடியாமல் போவதற்கு முதல் காரணம் இதுதான். மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்றவரின் பெயரை வைப்பது வழக்கம். அதனால் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பெயர் திரும்பி வரும். குடும்பத்தின் உண்மைப் பெயர்களை விட்டுவிட்டு, எடுத்துக்காட்டுக்கு இரண்டு பெயர்களை வைத்துக்கொள்வோம். லெட்சுமணன் மகன் இராமநாதன். இராமநாதன் மகன் லெட்சுமணன். அவர் மகன் மறுபடி இராமநாதன். சுவரில் மூன்று லெட்சுமணன்கள் இருந்தால், ‘லெட்சுமணன் ஐயா’ என்று படத்தின் கீழே எழுதி வைப்பதில் ஒரு பயனும் இல்லை.

அதைத் தீர்ப்பதற்குத்தான் விலாசம். இங்கே விலாசம் என்றால் வீட்டு முகவரி அல்ல. பெயருக்கு முன்னால் வரிசையாக நிற்கும் முன்னோர்களின் தலைப்பெழுத்துகள். அப்பா, ஐயா, அவருக்கும் மேலே உள்ளவர் என்று இரண்டு மூன்று எழுத்துகள் சேர்ந்து நிற்கும். தொழில் செய்த கடைக்கும் அதே எழுத்துகள்தான் பெயர். அண்ணன் தம்பி பிரிந்து தனித்தனியே கடை வைத்தால், வரிசையில் எழுத்து கூடும் அல்லது மாறும். எனவே எழுத்துகளைப் பார்த்தே எந்தக் கிளை, எத்தனையாவது தலைமுறை என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

அப்பத்தா சாக்குக்கட்டி கொண்டுவரச் சொன்னார். வளவின் ஆத்தங்குடிக் கல் தரையில் பிள்ளைகள் தங்கள் பெயரையும் விலாசத்தையும் எழுத, அதற்கு மேலே அப்பா, அதற்கு மேலே ஐயா என்று ஏறிக்கொண்டே போனார்கள். பள்ளியில் போட்ட வம்சாவளிப் படம் மேலிருந்து கீழே இறங்கும். இது கீழிருந்து மேலே ஏறியது. ஓரிடத்தில் எழுத்து பொருந்தவில்லை. ஒரு கிளையில் அப்பாவின் எழுத்து ஒன்றாகவும், அவர் முகச்சாயல் வேறு வீட்டுடையதாகவும் இருந்தது.

“அவுக பிள்ளை வந்தவுக” என்றார் அப்பத்தா. ஆண் வாரிசு இல்லாத வீட்டுக்கு, அதே கோயிலைச் சேர்ந்த வேறொரு வீட்டிலிருந்து மகன் கூட்டிக்கொள்வது நகரத்தாரிடையே சாதாரணம். இந்தச் சமூகத்தில் இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்கோயில் என்று ஒன்பது கோயில்கள். ஒவ்வொரு குடும்பமும் ஒரு கோயிலுக்குக் கட்டுப்பட்டது. கூட்டி வந்த மகனின் விலாசம் வந்த வீட்டுக்கு மாறிவிடும், மூக்கு மாறாது. “போட்டோவுல மூக்கைப் பாத்து, நம்ம வீட்டு மூக்கு இல்லையேன்னு சொல்லக்கூடாது. விலாசத்தைப் பாக்கணும்” என்றார். சற்று நிறுத்தி, “ஆனா விலாசமும் ஏமாத்தும்” என்று சொல்லிக் கம்பைக் கீழ்வரிசைக்கு இறக்கினார்.

*

அன்றையப் பேச்சில் நீண்ட நேரம் எடுத்துக்கொண்ட படம் இது. அகலமான சட்டம். ரங்கூனில் ஒரு வட்டிக்கடை வாசல். மேலே பலகையில் இந்தக் குடும்பத்தின் விலாசம் பளிச்சென்று தெரிகிறது. நடுவில் நாற்காலியில் நெற்றி நிறைய திருநீறுடன் ஒருவர். இருபுறமும் நின்றும் உட்கார்ந்தும் ஏழு பேர்.

இந்தப் படம் 1988-இல்தான் சுவருக்கு வந்தது. அப்பத்தாவின் மாமனார் மறைந்த பிறகு அவருடைய டிரங்குப் பெட்டியில் கிடைத்தது. பலகையில் நம் விலாசம், நடுவில் ஒருவர். வேறு யார்? கடையை நிறுவியவர்தான், அதாவது மாமனாரின் அப்பச்சி என்று முடிவு செய்து, சட்டம் போட்டு, பொட்டு வைத்து, படைப்பன்று மாலையும் போட்டு வந்தார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக.

சந்தேகம் வந்தது இந்த ஆண்டுதான். பேச்சுக்காக அப்பத்தா ஒவ்வொரு படத்தையும் இறக்கிப் பார்த்தபோது, மூத்த பேரன் கைப்பேசியில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பார்த்தான். கடையின் உள்சுவரில் ஒரு நாட்காட்டி. அதில் 1929 என்று இருந்தது.

அப்பத்தா பீரோவைத் திறந்து இசைகுடிமான நகலை எடுத்தார். நகரத்தார் திருமணத்தின்போது எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம் அது. முன்பு ஓலையில், பிறகு தாளில். மாப்பிள்ளை, பெண் இருவரின் வீட்டார் பெயர்கள், ஊர், கோயில், நாள் எல்லாம் இருக்கும். பிறப்புச் சான்றிதழ் இல்லாத காலத்துக்கு இதைவிட உறுதியான ஆவணம் ஒரு குடும்பத்தில் கிடைப்பது அரிது. நிறுவியவரின் இசைகுடிமானம் 1908-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அப்படியானால் 1929-இல் அவருக்கு நாற்பது வயது இருக்க வேண்டும். நாற்காலியில் இருப்பவருக்கு முப்பதைக் கூடத் தாண்டியதாகத் தெரியவில்லை.

விடை தொழிலின் நடைமுறையில் இருந்தது. செட்டிநாட்டு முதலாளிகள் பலர் ரங்கூனில் கடை வைத்திருந்தாலும் இருந்தது சொந்த ஊரில். அங்கே கடையை நடத்தியவர் மேலாள். முதலாளி கொடுத்த அதிகாரப் பத்திரத்தின் பேரில், முதலாளியின் விலாசத்தைப் போட்டே கையெழுத்திடுவார். சுமார் மூன்று ஆண்டுகள் இருந்து, கணக்கு முடித்து ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவார். அவருக்குக் கீழே அடுத்தாள். கடைசியில் பெட்டியடிப் பையன். பணப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஏவிய வேலையைச் செய்து தொழில் பழகும் சிறுவன். கடை வாசலில் படம் எடுத்தால் நடுநாற்காலி மேலாளுக்குத்தான். தலைக்கு மேலே இருக்கும் எழுத்துகள் அவருடையவை அல்ல.

“அப்ப நாம இவ்வளவு நாளா மாலை போட்டது…?” என்று இழுத்தாள் கல்லூரிப் பேத்தி.

“நம்மகிட்ட சம்பளம் வாங்கினவுகளுக்கு. போடட்டுமே, நல்லாத்தான் உழைச்சிருப்பாக” என்றார் அப்பத்தா. வளவே சிரித்தது. ஒரு பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை. மாலை வாங்கி வருவது ஆண்டுதோறும் அவர் பொறுப்பு.

சிரிப்பு அடங்கியதும் 22 வயதுக்காரன் வேறு ஒன்று கேட்டான். வட்டிக்கடை என்றால் அங்கே யாருக்குக் கடன் கொடுத்தார்கள்? இந்த மாதிரிக் கேள்வி வரும்போது பெரும்பாலான குடும்பப் பேச்சுகள் வேறு பக்கம் திரும்பிவிடும். அப்பத்தா திரும்பவில்லை. கீழ்ப் பர்மாவில் நெல் பயிரிட்ட விவசாயிகளுக்கும், அவர்களுக்குக் கொடுக்கும் உள்ளூர்க்காரர்களுக்கும்தான் கடன் போனது. அந்தப் படம் எடுத்த மறு ஆண்டு, 1930-இல், உலகம் முழுக்க விலை சரிந்தது. நெல் விலையும் விழுந்தது. கடனைத் திருப்ப வழியில்லாமல் ஈடு வைத்த நிலம் கடைக்காரர்கள் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில், 1930-இல் செட்டியார்களிடம் இருந்தது நூற்றுக்கு 6 பங்கு நிலம். 1938-இல் ஏறத்தாழ நூற்றுக்கு 25. நிலத்தை விரும்பி வாங்கவில்லை, பணமாகத் தந்திருந்தால் போதும் என்பது செட்டியார்கள் பக்கத்து வாதம். நிலத்தை இழந்தவனுக்கு அந்த வாதத்தால் என்ன ஆகப்போகிறது? பர்மியரின் கோபம் வளர்ந்தது. 1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டன. பல லட்சம் இந்தியர்கள் பர்மாவை விட்டுக் கிளம்பினார்கள். கப்பல் கிடைக்காதவர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தார்கள். விடுதலைக்குப் பிறகு, 1948-இல், பர்மா அரசு நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் கொண்டுவந்தது.

இதையெல்லாம் அப்பத்தா நான்கைந்து நிமிடத்தில் சொல்லி முடித்தார். கேட்டவனுக்கு அது திருப்தியான பதிலா என்று தெரியவில்லை. ஆனால் கேட்டதற்குப் பதில் வந்தது.

*

ஒரு படம் எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று சொல்ல நாட்காட்டி எல்லாப் படத்திலும் இருக்காது. உடையைப் பார்த்துச் சொல்லலாம் என்பார்கள். அதில் ஒரு கண்ணி உண்டு. வயதானவர்கள் தங்கள் இளமைக் காலத்து உடையிலேயே கடைசிவரை இருந்துவிடுவார்கள். ரவிக்கை இல்லாமல் கண்டாங்கி கட்டிய பாட்டி படத்தில் இருக்கிறார் என்பதால் அது மிகப் பழைய படம் ஆகிவிடாது. 1960-களிலும் அப்படிப்பட்ட பாட்டிகள் இருந்தார்கள். பார்க்க வேண்டியது படத்தில் இருப்பவர்களிலேயே இளையவரை. புதுப் பாணி முதலில் வருவது அவர் மேல்தான். பாட்டியின் மடியில் இருக்கும் பிள்ளை நைலான் சட்டை போட்டிருந்தால் பாட்டியின் கண்டாங்கியை நம்பக் கூடாது.

இன்னொரு தடயம் தாளிலேயே இருக்கிறது. மேல்வரிசைப் படம் ஒன்றை இறக்கிச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார் அப்பத்தா. ஓரங்களிலும் கறுப்பான இடங்களிலும் பாதரசம் பூசினாற்போல் நீலம் கலந்த பளபளப்பு. கறுப்பு வெள்ளைப் படத்தின் கறுப்பு என்பது நுண்ணிய வெள்ளித் துகள். காற்றும் ஈரமும் பட்டுப் பல ஆண்டுகளில் அந்த வெள்ளி மேலே வந்து படிகிறது. பழைய படத்தைப் பார்த்துச் சமீபத்தில் அச்சிட்ட நகலில் இந்தப் பளபளப்பு வராது. அதனால் ஒரே முகம் இரண்டு வீட்டுச் சுவரில் இருந்தால், எந்த வீட்டில் இருப்பது மூலப்படம் என்று சாய்த்துப் பார்த்தே சொல்லிவிடலாம்.

இந்த வகைப் படங்களுக்கு முந்தையவை, 19-ஆம் நூற்றாண்டில், முட்டையின் வெள்ளைக்கரு பூசிய தாளில் அச்சானவை. இந்த வீட்டில் அப்படி ஒன்றும் இல்லை. ஆனால் முட்டை இல்லாமல் இல்லை. சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்து அரைத்துப் பூசித் தேய்த்த செட்டிநாட்டுப் பூச்சுதான் படங்களைத் தாங்கி நிற்கும் அந்தச் சுவர். கண்ணாடி மாதிரி வழவழப்பாக இன்னமும் இருக்கிறது.

வியப்பு என்னவென்றால், நூறு வயதை நெருங்கும் படங்களைவிட 1983-ஆம் ஆண்டுக் கல்யாணப் படம்தான் மோசமாக இருந்தது. மணமக்கள் இருவரும் செங்கல் நிறத்துக்குப் போய்விட்டார்கள். வண்ணப் படத்தில் இருப்பது வெள்ளி அல்ல, சாயம். மூன்று சாயங்களும் ஒரே வேகத்தில் வெளுப்பதில்லை. நீலம் தரும் சாயம் முதலில் போனால் மிஞ்சுவது சிவப்பும் மஞ்சளும். “அப்பா கல்யாணத்துல பட்டு வேட்டி செகப்பா?” என்று கடைக்குட்டி கேட்டது நியாயமான கேள்விதான்.

*

19 படங்களில் பெண்கள் இருப்பது நான்கில். மூன்று திருமணப் படங்கள். கணவர் உட்கார்ந்திருக்க, கழுத்திரு அணிந்த மனைவி பக்கத்தில் நிற்கிறார். நான்காவது படத்தைத் தொடுவதற்கு முன் அப்பத்தா பிள்ளைகளின் பெற்றோரை ஒரு பார்வை பார்த்தார். யாரும் தலையசைக்கவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை.

நாற்காலியில் ஒரு மூதாட்டி. கழுத்து நிறைய மாலை. கண்கள் அகலத் திறந்து நேராகப் பார்க்கின்றன. பிள்ளைகள் இந்தப் படத்துக்குப் ‘பேய்ப் பாட்டி’ என்று பெயர் வைத்திருந்தது அப்பத்தாவுக்குத் தெரியும்.

“இந்தக் கண்ணு வரைஞ்ச கண்ணு” என்றார்.

உயிரோடு இருக்கும்போது படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்ற நம்பிக்கை அன்று பரவலாக இருந்தது. அந்நிய ஆண் முன்னால் போய் உட்காரத் தயக்கம் வேறு. அதனால் ஒரு பெண்ணின் முதல் படமே அவர் இறந்த நாளில் எடுத்ததாக இருப்பது தமிழ்நாட்டில் அரிதல்ல. உடலைக் குளிப்பாட்டி, நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்து, மாலை போட்டு எடுப்பார்கள். பிறகு ஸ்டூடியோவில், மூடிய இமைகளின் மேல் திறந்த கண்களைத் தீட்டுவார்கள். அச்சமூட்டுவதற்காக அல்ல; வீட்டார் வணங்கும்போது பார்வை வேண்டும் என்பதற்காக. இந்த மூதாட்டி, கடையை நிறுவியவரின் மனைவி. 1908 இசைகுடிமானத்தில் பெயர் உள்ள பெண்.

எட்டு வயதுப் பிள்ளைக்கு இதைச் சொல்லலாமா என்று பிற்பாடு ஒரு மருமகள் கேட்டாராம். சொன்னது சரி என்றே தோன்றுகிறது. சொல்லாதபோது அது பேய்ப் பாட்டியாக இருந்தது. சொன்ன பிறகு கடைக்குட்டி இரண்டு முறை கிட்டே போய்ப் பார்த்து, தூரிகைக் கோடு எங்கே தெரிகிறது என்று அண்ணனுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள்.

*

இந்த அரைமணி நேரப் பேச்சுக்கு மூன்று மாதம் ஆயத்தம் நடந்தது. முதல் வேலை படங்களை ஒவ்வொன்றாக இறக்குவது. மழைக்காலங்களில் ஈரம் இறங்கும் சுவர் என்றால் படத்தின் பூச்சு இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டு படங்கள் அப்படி இருந்தன. பிரித்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும் என்பதால் அவற்றைச் சட்டத்திலிருந்து எடுக்காமல், கறுப்புத் துணியைப் பின்னால் பிடித்துக்கொண்டு பிம்பம் விழாமல் கண்ணாடி வழியாகவே கைப்பேசியில் எடுத்தார்கள். மற்றவற்றின் பின்னட்டையில் ராமபாணப் பூச்சி அரித்தது போக மிஞ்சிய எழுத்துகளையும் படம் பிடித்தார்கள். பெயர் எழுதியது மென்மையான பென்சிலால், பின்பக்கத்து ஓரத்தில். பால்பாயிண்ட் பேனா அழுத்தி எழுதினால் முன்பக்கம் முகத்தில் தடம் விழும்.

இரண்டாவது வேலை, மற்றப் பெரியவர்களைக் கேட்பது. அப்பத்தா யாரிடமும் ‘இது இன்னார்தானே?’ என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் வயதானவர்கள் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். படத்தைக் கையில் கொடுத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருந்தார். தனித்தனியே மூன்று பேர் ஒரே பெயரைச் சொன்னால் எழுதினார். முரண்பட்டால் இரண்டு பெயரையும் எழுதி, சொன்னவர் யார் என்பதையும் பக்கத்தில் குறித்தார். ஐந்து படங்களுக்குக் கீழே இப்போதும் இரண்டு பெயர்கள் இருக்கின்றன.

*

ரங்கூன் படத்துக்குக் கடைசியில் திரும்பி வந்தார் அப்பத்தா. நடுவில் இருப்பவர் மேலாள் என்று தெரிந்ததும், அவர் யார் என்று தேடத் தொடங்கியிருந்தார். 1929-ஆம் ஆண்டுச் சம்பளச் சிட்டையில் ஓர் ஊர்ப் பெயர் இருந்தது. பத்து மைல் தள்ளிய ஊர். உறவு வழியில் விசாரித்ததில் அவருடைய பேரன் வீடு கிடைத்தது. அங்கே போய்ப் பார்த்தால், முகப்பில் அதே படம், அதே அளவு. ஒரு கடைப் படத்தை எடுத்தால் அதில் இருப்பவர்கள் ஆளுக்கொரு பிரதி வாங்கி ஊருக்கு அனுப்புவது அன்றைய வழக்கம்தானே. அந்த வீட்டுப் பிரதியின் பின்பக்கத்தில், மேலாள் தன் கையெழுத்தில் எட்டுப் பேரின் பெயரையும் இடமிருந்து வலமாக எழுதியிருந்தார்.

அப்பத்தா இடுப்பிலிருந்து ஒரு மடித்த தாளை எடுத்துப் பெயர்களை வாசித்தார். பிள்ளைகள் படத்தின் முன் கூடி, வாசிக்க வாசிக்க ஒவ்வொரு முகமாக விரல் வைத்தார்கள். ஏழு பெயர்கள் முடிந்தன. எட்டாவது ஆள் வலக்கோடியில், பாதி நிழலில், சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு நிற்கும் ஒல்லிப் பையன். முப்பது ஆண்டுகளாக யாரும் அவனைக் கவனித்ததில்லை. அந்த இடத்துக்கு எழுதியிருந்தது, விலாசத்தோடு, அப்பத்தாவின் மாமனார் பெயர்.

முதலாளி மகன்தான். ஆனாலும் தொழில் பழகப் பெட்டியடியில் தொடங்க வேண்டும். தன் அப்பச்சியின் பலகைக்குக் கீழே, மேலாளுக்கு எடுபிடியாக நின்றிருக்கிறார். படத்தைப் பெட்டியில் கடைசிவரை வைத்திருந்ததற்குக் காரணம் அதுதான். யாரிடமும் காட்டாததற்கு என்ன காரணம் என்பதை அவர் சொல்லவில்லை.

“அப்ப அவுகளுக்கு 14 வயசு” என்றார் அப்பத்தா. “இங்க யாருக்கு 14?”

கோவைப் பேரன் கையைத் தூக்கினான். தலையைத் திருப்பி நிற்கச் சொல்லி, மற்றவர்கள் அவன் காதையும் படத்துக் காதையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒத்துப்போகிறது என்று பாதிப் பேர், இல்லை என்று பாதிப் பேர். அவன் பெயரும் அந்தப் பையன் பெயரும் ஒன்று என்பதைத் தரையில் எழுதியிருந்த சாக்குக்கட்டி எழுத்தைப் பார்த்து ஒரு பேத்தி கண்டுபிடித்தாள். “தனியா எப்படி அனுப்பினாங்க? எத்தனை நாள் கப்பல்?” என்று அவன் கேட்க ஆரம்பித்தபோது, இரண்டாம் கட்டிலிருந்து காபி கொண்டுவந்தார்கள்.

மாலைப் பெரியப்பா இதற்குள் ஒரு நாற்காலியைப் போட்டு ஏறி, மேலாளின் நெற்றிக்கு நேரே கண்ணாடியில் இருந்த சந்தனப் பொட்டை ஈரத்துணியால் துடைக்கப் போனார்.

“இருக்கட்டும், விடுங்க தம்பி” என்றார் அப்பத்தா. “வேணும்னா அந்தக் கோடியில இன்னொண்ணு வைங்க.”